நேபாளமும் சிலியும்: நிலநடுக்கக் கேள்விக்கு 9 மதிப்பெண் விடை எழுதுவது எப்படி

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. புவியியல் எழுதும் நம் பிள்ளைகள் பலர் நிலநடுக்கத்தைப் பற்றி நிறையவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். தேதி, அளவு, இறந்தோர் எண்ணிக்கை, தட்டுகளின் பெயர் எல்லாம் மனப்பாடம். அப்படியும் 9 மதிப்பெண் கேள்வியில் 4 அல்லது 5 வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். தெரிந்ததெல்லாம் விடைத்தாளில் இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்கான விடையை அதில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஏ.கியூ.ஏ. வாரியத்தின் முதல் தாளை வைத்தே இதைப் பார்க்கலாம். தாள் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 88 மதிப்பெண். அதில் இயற்கைப் பேரிடர் பகுதிக்கு மட்டும் 33. அந்தப் பகுதியின் நீண்ட விடைக்கு 9 மதிப்பெண்ணும், எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணத்துக்குக் கூடுதலாக 3 மதிப்பெண்ணும் உண்டு. வேறு வாரியம் என்றால் எண்கள் மாறும். விடையைக் கட்டும் முறை பெரிதாக மாறாது.

அந்த 9 எங்கே இருக்கிறது

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 9 மதிப்பெண் மூன்று மூன்றாகப் பிரிகிறது. 3 மதிப்பெண் இடம், அளவு, நடந்தது ஆகியவற்றைத் தெரிந்திருப்பதற்கு. 3 மதிப்பெண் அது ஏன் அப்படி நடந்தது என்று புரிந்திருப்பதற்கு. மிச்சம் 3 மதிப்பெண், இவற்றைக் கேள்வியோடு பொருத்தித் தீர்ப்புச் சொல்வதற்கு. ஆக, உலகத்துத் தகவலையெல்லாம் கொட்டினாலும் முதல் மூன்றைத் தாண்ட முடியாது.

திருத்துபவர் வரிக்கு வரி டிக் போட்டு எண்ணுவதும் இல்லை. விடையை முழுதாகப் படித்து அது எந்தப் படியில் இருக்கிறது என்று முடிவு செய்வார்: 1 முதல் 3 வரை அடிப்படைப் படி, 4 முதல் 6 வரை தெளிவான படி, 7 முதல் 9 வரை விரிவான படி. அதனால் இன்னொரு எண்ணைச் சேர்த்தால் இன்னொரு மதிப்பெண் கிடைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு தகவலுக்குப் பக்கத்தில் ஒரு காரணத்தைச் சேர்த்தால்தான் விடை மேல் படிக்கு நகரும்.

இந்தப் பாடத்திட்டம் செல்வ நிலையில் வேறுபட்ட இரண்டு இடங்களை ஒப்பிடச் சொல்கிறது. நேபாளம், சிலி ஜோடி அதற்கு நன்றாகப் பொருந்தும். இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“நிலநடுக்கத்தின் விளைவுகளைத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் செல்வ நிலைதான். இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்? நீங்கள் படித்த எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்தி விடையளிக்கவும்.” (9 + 3)

தேர்வில் இது ஆங்கிலத்தில்தான் வரும், விடையும் ஆங்கிலத்தில்தான். கீழே மாதிரிகளைத் தமிழில் தருகிறேன், மனப்பாடம் செய்து அப்படியே இறக்க முடியாதபடி. அதுவும் நல்லதற்குத்தான்.

படி 1: கேள்வியில் மூன்று சொற்களைச் சுற்றுங்கள்

பேனாவை எடுத்ததும் எழுதத் தொடங்காதீர்கள். “விளைவுகள்”, “செல்வ நிலை”, “எந்த அளவுக்கு” ஆகிய மூன்றையும் வட்டமிடுங்கள்.

“விளைவுகள்” என்ற சொல்லில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். விளைவு வேறு, அதற்கு அரசும் உலகமும் செய்த எதிர்வினை வேறு. இந்தியா விமானம் அனுப்பியது, கூடாரம் கொடுத்தார்கள், நிதி திரட்டினார்கள் என்பதெல்லாம் எதிர்வினை. கேஸ் ஸ்டடியை ஒரே மூச்சில் படித்திருப்பதால், எழுதும்போதும் ஒரே மூச்சில் எல்லாம் வந்து விழுந்துவிடும். இந்தக் கேள்வியில் கூடாரத்துக்கு மதிப்பெண் இல்லை. கூடாரம் இல்லாமல் போனதால் சாவோ நோயோ கூடியது என்று விளைவோடு முடிச்சுப் போட்டால் மட்டுமே அதற்கு இடம் உண்டு.

“எந்த அளவுக்கு” என்றால் ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கக்கூடாது என்று பொருள். செல்வ நிலை தவிர வேறு எதுவும் காரணமா என்று நீங்களே கேட்டு, அதற்கும் ஒரு பத்தி கொடுக்க வேண்டும்.

தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியத் தட்டு யூரேசியத் தட்டில் மோதுகிறது, நாஸ்கா தட்டு தென்னமெரிக்கத் தட்டுக்கு அடியில் போகிறது என்று நாலு வரி எழுதித் தொடங்குவது பலருக்கும் பழக்கம். இந்தக் கேள்வி தட்டுகளைக் கேட்கவில்லை. அந்த நாலு வரிக்கான நேரத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கொஞ்சம் தகவல், ஆனால் பேசும் தகவல்

பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சின்ன அட்டையில் அடங்கினால் போதும்.

நேபாளம்: 25 ஏப்ரல் 2015, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். அளவு 7.8, மையம் கோர்க்கா மாவட்டம். இறந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். முழுதாக இடிந்த வீடுகள் சுமார் 5 லட்சம், பெரும்பாலும் மண் சாந்து வைத்துக் கட்டிய கல் வீடுகள். லாங்டாங் பள்ளத்தாக்கில் பனியும் பாறையும் சரிந்து ஒரு கிராமமே புதைந்தது. சேதமும் இழப்பும் சுமார் 7 பில்லியன் டாலர், அதாவது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு.

சிலி: 27 பிப்ரவரி 2010, அதிகாலை மூன்றரை மணி. அளவு 8.8, மையம் கடலுக்கு அடியில். இறந்தவர்கள் சுமார் 525 பேர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுனாமியில் போனவர்கள். இழப்பு சுமார் 30 பில்லியன் டாலர்.

செல்வ நிலைக்கு ஆளுக்கொரு எண் இருந்தால் நல்லது. தனிநபர் உற்பத்தி அந்தந்த ஆண்டில் நேபாளத்தில் 1,000 டாலருக்கும் குறைவு, சிலியில் 12,000 டாலருக்கும் மேல். செல்வத்தைப் பற்றிய கேள்வியில் செல்வத்துக்கே ஒரு எண் இல்லாமல் எழுதி வைக்கும் விடைகள் நிறைய உண்டு. படிக்கும்போதே ஓட்டை தெரியும்.

இறந்தோர் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். அதற்காகப் பதற வேண்டாம், “ஏறத்தாழ 9,000” என்று எழுதினால் போதும். கடைசி இலக்கம் வரை நெட்டுருப் போடும் நேரத்தில், அந்த எண் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதற்கு ஒரு காரணம் படிக்கலாம்.

அட்டையில் இன்னொரு வரியும் வேண்டும், அது பலரிடம் இருக்காது. 8.8-க்கும் 7.8-க்கும் வித்தியாசம் வெறும் 1 போலத் தெரியும். ஆனால் வெளிப்படும் ஆற்றலில் அது சுமார் 32 மடங்கு. 32 மடங்கு ஆற்றல் வந்த இடத்தில் 525 பேர், குறைவாக வந்த இடத்தில் 9,000 பேர். இந்த ஒரு ஒப்பீடே பாதி வாதத்தைச் சொல்லிவிடுகிறது.

படி 3: தீர்ப்பை முதல் வரியிலேயே வையுங்கள்

“நிலநடுக்கம் என்பது பூமி அதிர்வதாகும்” என்று தொடங்கும் முன்னுரைக்கு ஒன்றும் கிடைக்காது. முன்னுரை இரண்டு மூன்று வாக்கியம் இருந்தால் போதும், அதில் உங்கள் நிலைப்பாடு தெரிய வேண்டும்:

“பெருமளவுக்கு ஏற்கிறேன். நேபாளத்தைவிட வலிமையான நிலநடுக்கம் தாக்கியும் செல்வம் மிகுந்த சிலியில் உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் நிலத்தோற்றமும் முன் அனுபவமும் விளைவுகளை மாற்றின என்பதால் செல்வம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.”

இப்படித் தொடங்கினால் எழுதுபவருக்கும் ஒரு லாபம் உண்டு. அடுத்த இரண்டு பத்தியில் என்ன வர வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

படி 4: முதல் பத்தி, தகவலில் இருந்து காரணத்துக்கு

விடையின் உயரத்தைத் தீர்மானிப்பது இந்தப் பத்திதான், இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்:

“நேபாளம் ஏழை நாடு. அங்கே 9,000 பேர் இறந்தார்கள். 5 லட்சம் வீடுகள் இடிந்தன. சிலி பணக்கார நாடு. அங்கே 525 பேர்தான் இறந்தார்கள். இதனால் செல்வம் முக்கியம் என்று தெரிகிறது.”

தகவலில் தவறே இல்லை. ஆனாலும் இது நடுப்படியின் அடிவாரத்திலேயே நின்றுவிடும். ஏழ்மைக்கும் வீடு இடிவதற்கும் நடுவே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசி வாக்கியம் ஒரு முடிவைச் சொல்கிறதே தவிர, அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்று காட்டவில்லை.

அதே தகவலை இப்படி எழுதிப் பாருங்கள்:

“நேபாளத்தில் தனிநபர் உற்பத்தி 1,000 டாலருக்கும் குறைவு என்பதால் மலைக் கிராமங்களில் பெரும்பாலோர் கையில் கிடைத்த கல்லையும் மண் சாந்தையும் வைத்தே வீடு கட்டியிருந்தார்கள். இத்தகைய சுவர்களில் கம்பியோ பிணைப்போ இல்லாததால் பக்கவாட்டு அதிர்வில் கற்கள் தனித்தனியாகப் பிரிந்து உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தன. சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக இடிந்து ஏறத்தாழ 9,000 பேர் இறந்ததற்கு இது முக்கியக் காரணம். சிலியில் ஏறக்குறைய 32 மடங்கு ஆற்றல் வெளிப்பட்டும் இறந்தவர்கள் சுமார் 525 பேர்தான். அங்கே நிலநடுக்கம் தாங்கும் கட்டட விதிகள் இருந்தன. அவற்றின்படி கட்டவும் கண்காணிக்கவும் வசதி இருந்தது. ஆகவே வலிமையைவிடச் செல்வம் உயிரிழப்பில் பெரிய பங்கு வகித்தது.”

புதிதாக எண் எதுவும் பெரிதாகச் சேரவில்லை. சேர்ந்ததெல்லாம் இணைப்புதான்: பணம் இல்லை, அதனால் மண் சாந்து, மண் சாந்து, அதனால் பிணைப்பு இல்லை, பிணைப்பு இல்லை, அதனால் சுவர் பிரிந்து விழுந்தது, அதனால் சாவு. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பிகாஸ்’, ‘திஸ் மென்ட் தட்’, ‘ஆஸ் அ ரிசல்ட்’ போன்றவை இந்த வேலையைச் செய்யும். பத்தியில் இவை மூன்று இடத்திலாவது வராவிட்டால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதற்காக இணைப்புச் சொல்லை ஒப்புக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. “நேபாளம் ஏழை நாடு, அதனால் நிறையப் பேர் இறந்தார்கள்” என்பதிலும் “அதனால்” இருக்கிறது, காரணம் இல்லை.

பத்தியின் கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். அது கேள்வியில் வந்த சொற்களுக்கே திரும்பிப் போகிறது. தீர்ப்புக்கான 3 மதிப்பெண் முடிவுரையில் மட்டும் கிடைப்பதில்லை, இந்த மாதிரி வாக்கியங்களிலும் சேர்ந்துகொண்டே வரும்.

நேரம் இருந்தால் பணச் சேதத்தையும் இங்கே தொடலாம். சிலியின் இழப்பு 30 பில்லியன், நேபாளத்தின் இழப்பு 7 பில்லியன். இதை அப்படியே எழுதினால் சிலிக்குத்தான் அதிகப் பாதிப்பு என்று வாதமே தலைகீழாகிவிடும். நேபாளத்தின் 7 பில்லியன் அதன் ஓராண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு, சிலிக்கு 30 பில்லியன் அந்த விகிதத்தில் பாதி அளவுகூட இல்லை என்று சேர்த்து எழுதுங்கள். மொத்தத் தொகைக்கும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் பிள்ளையைத் திருத்துபவர் கவனிக்காமல் போகமாட்டார்.

படி 5: மறுபக்கத்துக்கு உண்மையான பலம் கொடுங்கள்

இரண்டாம் பத்தி “ஆனால்” என்று தொடங்கும். இங்கே ஒப்புக்கு ஒரு வரி போட்டு முடிப்பவர்கள் ஏராளம். “வேறு காரணங்களும் உண்டு, உதாரணமாக மக்கள்தொகை” என்பார்கள். எந்த ஊரின் மக்கள்தொகை, அது எப்படி விளைவைக் கூட்டியது என்று சொல்லாவிட்டால் அந்த வரி வீண்.

நம் ஜோடியில் வலுவான மறுவாதங்கள் இருக்கின்றன. முதலாவது நிலத்தோற்றம். லாங்டாங் கிராமத்தை அழித்தது சுவர் அல்ல, மேலிருந்து சரிந்து வந்த பனியும் பாறையும். செங்குத்தான இமயச் சரிவுக்குக் கீழே இருக்கும் ஊர், எவ்வளவு உறுதியான வீடு கட்டியிருந்தாலும் தப்பியிருக்காது. மையம் ஆழம் குறைவாகவும் ஊர்களுக்கு அடியிலும் இருந்ததையும் சேர்க்கலாம், சிலியில் அது கடலடியில் இருந்தது.

இரண்டாவது அனுபவம். எனக்குப் பிடித்த வாதம் இதுதான், ஏனென்றால் இது சிலியையே சிலிக்கு எதிராக நிறுத்துகிறது. 2010-இல் சிலி கடற்படையின் மையம் சுனாமி எச்சரிக்கையை அவசரப்பட்டுத் திரும்பப் பெற்றது. பணமும் கருவியும் இருந்தும் அமைப்பு தடுமாறியது. அப்படியும் கடற்கரை மக்கள் பலர் அதிர்வு நின்றதும் தாமாகவே மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள், 1960-இல் வந்த 9.5 அளவு நிலநடுக்கத்தையும் சுனாமியையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்ததால். அவர்களைக் காப்பாற்றியது செல்வம் அல்ல, நினைவு.

மூன்றாவதாக நேரத்தைப் பலர் எழுதுவார்கள், இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். நேபாளத்தில் நடந்தது சனிக்கிழமைப் பகல். பள்ளிகளுக்கு விடுமுறை, கிராமங்களில் பலர் வெளியே வயலில் இருந்தார்கள். சிலியில் அதிகாலை, எல்லாரும் வீட்டுக்குள் தூக்கத்தில். ஆக, நேரம் நேபாளத்துக்குத்தான் சாதகமாக இருந்தது. அப்படியும் அங்கே உயிரிழப்பு அதிகம் என்றால் நேரம் மறுவாதமாக நிற்காது, முதல் பத்தியின் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கும். நேரத்தைத் தொடுவதானால் இந்தத் திசையில் தொடுங்கள்.

மூன்றையும் எழுத நேரம் கிடையாது. இரண்டை எடுத்து ஒவ்வொன்றையும் சங்கிலியாக எழுதுங்கள். ஒன்றை ஆழமாக எழுதினாலும் சரி, மூன்றைப் பெயர் சொல்லிவிட்டுப் போவதைவிட அது மேல்.

படி 6: முடிவுரையில் எடை போடுங்கள்

“ஆகவே செல்வமும் முக்கியம், மற்ற காரணங்களும் முக்கியம்” என்று இரண்டு பக்கமும் தலையாட்டுவது தீர்ப்பு இல்லை. எது எதைவிடப் பெரிது, எந்த நிலைமையில் என்று சொல்ல வேண்டும்:

“மொத்தத்தில் செல்வமே பெரிய காரணம், நேபாளத்தில் பெரும்பாலான உயிரிழப்பு கட்டடங்கள் இடிந்ததால் நேர்ந்தது, அதைத் தடுக்கப் பணம் தேவை. ஆனால் நிலச்சரிவு, சுனாமி போன்ற இரண்டாம் நிலை விளைவுகளில் நிலத்தோற்றமும் மக்களின் அனுபவமும் செல்வத்தை மிஞ்சின.”

முதன்மை விளைவுக்கு ஒரு தீர்ப்பு, இரண்டாம் நிலை விளைவுக்கு வேறொரு தீர்ப்பு என்று பிரித்ததால் “எந்த அளவுக்கு” என்ற சொல்லுக்கு நேர் விடை கிடைத்துவிட்டது. புதுத் தகவல் எதையும் இங்கே கொண்டுவராதீர்கள்.

எழுத்துக்கான 3

காத்மாண்டு, நேபாளம், சிலி ஆகிய பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முன்பே எழுதிப் பழகிவிடுங்கள். நாட்டின் பெயரை மிளகாயின் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பத்தி பிரித்து எழுதுவதும் ‘மேக்னிட்யூட்’, ‘எபிசென்டர்’ போன்ற துறைச் சொற்களைச் சரியாகக் கையாள்வதும் கணக்கில் வரும்.

பழகிப் பார்ப்பது

கடிகாரம் வைத்து 12 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள்: யோசிக்க 2, எழுத 9, திரும்பிப் படிக்க 1. அப்புறம் இரண்டு வண்ணப் பேனா எடுத்து, தகவலை ஒரு வண்ணத்திலும் காரணத்தையும் தீர்ப்பையும் இன்னொரு வண்ணத்திலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். தகவல் வண்ணமே பக்கம் முழுக்கப் பரவியிருந்தால், அடுத்த முறை எழுதும் முன் தகவலைப் பாதியாக வெட்டலாம்.

கேள்வி “எதிர்வினைகள்” என்று மாறி வந்தாலும் கட்டுமானம் இதேதான், அட்டையின் மறுபக்கத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். காத்மாண்டு விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை, அதனால் உதவி விமானங்கள் தேங்கி நின்றன. மறுகட்டமைப்புக்கான தேசிய ஆணையம் 2015 டிசம்பரில்தான் அமைந்தது, அதனால் பல குடும்பங்கள் குளிர்காலத்தைத் தகரக் கொட்டகையில் கழித்தன. இங்கும் தகவலுக்குப் பக்கத்திலேயே “அதனால்” வந்துவிடுகிறது பாருங்கள்.

தேர்வு அறையில் நேரம் போய்விட்டது, மூன்று நிமிடம்தான் மிச்சம் என்றால், பாதியில் நிற்கும் பத்தியை அடுத்த முற்றுப்புள்ளியோடு விட்டுவிடுங்கள். இரண்டாவது மறுவாதத்தையும் விட்டுவிடலாம். தீர்ப்பு வாக்கியத்தை மட்டும் விடக்கூடாது. அது இல்லாத விடையை, நடுப் பத்திகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேல் படியில் வைக்கத் திருத்துபவருக்குக் கை வராது.